வேண்டாம் என்பதை ஆன் செய்வது

என் அண்ணி கோழிக்குஞ்சு வண்டி ஓட்டுகிறார். ஒன்பது வருஷம் அதே குஞ்சு பொரிப்பகத்தின் உள்ளே வேலை பார்த்தவர். முட்டைத் தட்டு கழுவினார். பிறகு குஞ்சு பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். காலில் ஊனம், தொப்புள் ஆறாதது, கண் திறக்காதது என்று ஒரு கையில் எடுத்து மறு கையில் போடுவதற்குள் பார்த்துச் சொல்லிவிடுவார். அதன் பிறகு யாரிடமும் கேட்காமல் ஓட்டுநர் பள்ளிக்குப் போய் உரிமம் வாங்கிக்கொண்டு வந்து மேனேஜர் மேசையில் வைத்தார். பழைய டிரைவருக்கு முதுகு போய், அவர் வேலையை விட்டிருந்த வாரம் அது.

"ஏம்மா, வண்டின்னா ஸ்டியரிங் மட்டும் இல்ல. வழி தெரியணும்" என்றார் மேனேஜர்.

"அதான் போன் இருக்கே சார்."

"போன் இங்கிலீஷ்ல பேசும்."

"நான் அது பேசறத கேக்க மாட்டேன் சார். வண்டிக்குள்ள குஞ்சு சத்தத்தக் கேக்கணும். போன் வாய மூடிட்டுத்தான் ஓட்டுவேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஒரு நிபந்தனை: மாத முடிவில் சரிவரவில்லை என்றால் மறுபடி தட்டு கழுவும் தொட்டிக்கே போக வேண்டும். அண்ணி சரி என்றார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அந்த நிபந்தனையைச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார்.

என்னிடம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிப் படியேறியவன் நான். ஊரில் என் அப்பா கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டதே நான் பள்ளியில் சேர்ந்த பிறகுதான். பட்டச் சான்றிதழை அண்ணன் வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறான். யாராவது வந்தால் அதன் எதிரே நாற்காலி போடுவான். அவன் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். கண்ணாடிச் சட்டமும் அவனே பற்றவைத்துச் செய்தது, ஒரு ஆளால் தூக்க முடியாத கனம்.

கம்பெனி போனில் மொழியை மாற்ற முடியாது. அமைப்புகள் எல்லாம் பூட்டு, அதன் திறவுச்சொல் தலைமை அலுவலகத்தில் யாரிடமோ. அண்ணிக்கு ஆங்கில எழுத்து தெரியும். கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும், ஓடும் வண்டியில் அது நடக்காது. அதனால் ஒரு வெள்ளை அட்டையில் வரைபடச் செயலியில் வரும் சொற்களை ஆங்கிலத்திலேயே பெரிதாக எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தேன். அண்ணி அட்டையையும் திரையையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு மனப்பாடம் செய்தார். பன்னிரண்டு சொற்கள். நான் எழுதியவற்றில் மூன்று இவை:

அவாய்ட் டோல்ஸ் — சுங்கச்சாவடி வேண்டாம்.
கீப் லெஃப்ட் — இடது ஓரமாகப் போ.
எக்ஸிட் — வழிகாட்டுதலை மூடும் பட்டன். தொடக் கூடாது.

எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

*

குஞ்சு வண்டிக்கும் மற்ற வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வண்டிக்குக் குளிர்சாதனம் கிடையாது. இரண்டு பக்கமும் தகடுகள் சாய்வாக வைத்த ஜன்னல்கள். ஓடும்போது அந்த வழியாகக் காற்று உள்ளே நுழைந்து பெட்டிகளுக்கு நடுவே புகுந்து பின்னால் போகும். வண்டி நின்றால் காற்றும் நிற்கும். பெட்டிக்கு நூறு குஞ்சு, கூட இரண்டு இலவசம். வழியில் சாவதை ஈடுகட்டத்தான் அந்த இரண்டு. பொரித்து ஒரு நாள்கூட ஆகாத உயிர்கள் நூறு சேர்ந்து மூச்சு விட்டால் பெட்டிக்குள் அடுப்பு வைத்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் வழக்கமாக விடியற்காலையிலேயே புறப்படுவார்கள். பழைய டிரைவர் சுங்கச்சாவடி பக்கமே போக மாட்டார். எங்கள் வண்டிக்குச் சுங்கத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் ஒட்டுவில்லை கிடையாது, பணம் கட்டும் ஒற்றை வரிசைதான், அதில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணி மூன்று வாரம் பக்கத்துப் பண்ணைகளுக்கு, ஏற்கெனவே பார்த்த வழியில் நன்றாகத்தான் ஓட்டினார். நான்காவது வாரம் முதல் தடவையாகத் தூரப் பண்ணை. புறப்படும் முன் வழித் தேர்வுகளைத் திறந்தார். பழைய டிரைவர் வைத்திருந்தபடி 'அவாய்ட் டோல்ஸ்' பக்கத்தில் சின்ன சுவிட்ச் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. அட்டையைப் பார்த்தார். 'சுங்கச்சாவடி வேண்டாம்' என்றிருந்தது.

வேண்டாம் என்றால் என்ன செய்வோம்? அணைப்போம். அணைத்துவிட்டுக் கிளம்பினார்.

சுங்கச்சாவடியில் பணம் கட்டும் வரிசையில் இருபத்தைந்து நிமிஷம் நின்றார். முன்னால் ஒரு லாரிக்காரர் சில்லறைக்குச் சண்டை பிடித்தார். அண்ணி பின்கதவைத் திறந்து வைத்து, அட்டையால் விசிறியபடியே அழுதிருக்கிறார். நூற்று நாற்பது குஞ்சு செத்துப் போயின. பண்ணைக்காரர் மேனேஜருக்கு போன் செய்தார். மேனேஜர் அண்ணியைத் திட்டவில்லை. "அடுத்த தடவை அதே பண்ணை. நூற்றுக்கு ரெண்டுக்கு மேல போச்சுன்னா உள்ள வந்துடும்மா, பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் 'பேசிக்கலாம்' என்றால் பேச மாட்டார், நேரே தொட்டிக்கு அனுப்பிவிடுவார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அண்ணி போனை என் முன் வைத்தார்.

"நீ எழுதினத தானே செஞ்சேன்?"

"அண்ணி, இது ஆன்ல இருக்கணும்."

"வேண்டாம்னு போட்டிருக்க."

"ஆமா, வேண்டாம்னு சொல்றத ஆன் பண்ணணும்."

"வேண்டாங்கறத எதுக்குடா ஆன் பண்ணணும்? வேண்டாத லைட்ட யாராவது போடுவாங்களா?"

போனைக் கையில் எடுத்தேன். ஒரு பக்கம் சிரிப்பு வந்தது, இன்னொரு பக்கம் அந்த நூற்று நாற்பது. 'தவிர்' என்ற வேலையைச் செய்யச் சொல்லும் பொத்தான் அது. நான் அதை ஒரு விருப்பமாக மாற்றி எழுதிவிட்டேன். 'சுங்கச்சாவடி இல்லாத வழி காட்டு' என்று எழுதியிருந்தால் முடிந்தது. ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிப்படி என் பொருள் சரிதான். சுவிட்சுக்கு அது தப்பு.

வாசலில் இருந்து அண்ணன் கேட்டான். "என்னடா, படிச்சவன் வாயே திறக்கல?"

"உங்க தம்பிக்கு லைட்டு எப்படிப் போடறதுன்னு சொல்லிக் கொடுத்துக்கிட்டிருக்கேன்" என்றார் அண்ணி.

என் தப்பை அண்ணனிடம் அவர் சொல்லவில்லை. அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. அட்டையைத் திருத்தி எழுதினேன். அடுத்த நடைக்கு அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நானும் வண்டியில் ஏறினேன்.

*

அன்றைக்குப் பார்த்து எல்லாம் தாமதம். தடுப்பு மருந்து தெளிக்கும் இயந்திரம் மக்கர் செய்து, பெட்டிகள் வண்டியில் ஏறும்போது மணி பதினொன்று. முப்பது பெட்டி, மூவாயிரத்து அறுபது குஞ்சு. மேனேஜர் வானத்தைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார், ரசீதில் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி சுவிட்சை நீலமாக்கினார். திரையில் இரண்டு வழிகள் வந்தன. இரண்டின் அடியிலும் 'நோ டோல்ஸ்'. ஒன்று ஒரு மணி நேரம் பத்து நிமிஷம், மற்றது ஒரு மணி நேரம் பதினாலு. குறைந்ததைத் தொட்டார். நான் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"சத்தத்தக் கவனி" என்றார் அண்ணி. பின்னால் மூவாயிரம் தொண்டைகள், சீராக, மெதுவாக. "இப்படி இருந்தா சுகமா இருக்குன்னு அர்த்தம். கீச்சுன்னு ஏறிச்சுன்னா சூடு. அதுக்கப்புறம் அமைதியாச்சுன்னா..." கியரை மாற்றினார்.

நாற்பது நிமிஷம் நன்றாகப் போனோம். பெரிய சாலையில் மூன்று லேன். முன்னால் ஒரு மேம்பாலம் எழும்புவது தெரிந்தது. திரையின் உச்சியில் பச்சைப் பட்டையில் 'கீப் லெஃப்ட்' என்று வந்தது. அதற்குக் கீழே மூன்று அம்புக்குறிகள் வரிசையாக. நான் எழுத்தை மட்டும் பார்த்தேன்.

"கீப் லெஃப்ட் அண்ணி! இடது ஓரமா வாங்க!"

"ஓரமாவா? அந்த ஓரத்து அம்பு..."

"ஓரந்தான்! வாங்க, வாங்க!"

அண்ணி கண்ணாடியைப் பார்த்து, விளக்குப் போட்டு, ஓர லேனுக்கு வந்தார். மேம்பாலம் எங்கள் வலப்பக்கம் ஏறிப் போனது. அதுவரை சரி. நூறு மீட்டர்கூட ஆகவில்லை, எங்கள் லேனும் நடு லேனும் நடுவே வெள்ளைக் கோடு தடித்தது, பிறகு கல் தடுப்பு வந்தது. நடு லேன் நேராகப் போனது, நாங்கள் வளைந்து தனியாகப் போய் இன்னொரு பெரிய சாலையில் சேர்ந்தோம்.

திரை ஒரு நொடி திணறிவிட்டு வேறு வழி வரைந்தது. நேரம் ஏழு நிமிஷம் கூடியது. தலைக்கு மேலே பெரிய பலகை கடந்தது. அதில் எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன்.

"என்னடா எழுதியிருக்கு?"

"டோல்... முன்னாடி நாலு கிலோமீட்டர்ல."

அண்ணி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திரையில் எங்கள் வழியைக் காட்டும் நீலக்கோட்டுக்கு அப்பால், சாலை ரத்தச் சிவப்பாக இருந்தது. அது சுங்கச்சாவடியின் வரிசை.

"இப்ப நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்றார். "கோடு எங்க போகுது?"

உற்றுப் பார்த்தேன். நீலக்கோடு சிவப்பைத் தொடவில்லை. அதற்கு முன்னாலேயே இடப்பக்கம் இறங்கிப் போயிருந்தது. சுவிட்ச் நீலமாக இருந்ததால் செயலி எங்களைச் சாவடிக்கு முன்பே வெளியேற்றப் பார்க்கிறது.

"சாவடிக்கு முன்னாடி இறங்கற வழி இருக்கு அண்ணி. ரெண்டு கிலோமீட்டர்."

பின்னால் சத்தம் மாறியிருந்தது. எனக்கே தெரிந்தது. வாகனங்கள் நெருங்க நெருங்க வேகம் குறைந்துகொண்டே வந்தது, ஜன்னல் தகடுகளின் வழியாக வந்த காற்று வெறும் மூச்சுக் காற்று மாதிரி இருந்தது. கீச், கீச் என்று கூர்மையாக. அண்ணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

திரையில் எழுத்து மாறியது. 'டேக் த எக்ஸிட்.'

"எக்ஸிட்" என்றேன்.

"எக்ஸிட்டா? அது தொடக்கூடாத பட்டன்னு எழுதியிருக்கியே!"

"இது வேற எக்ஸிட் அண்ணி! ரோட்டு எக்ஸிட்! வெளிய இறங்கற பாதை!"

"ஒரு வார்த்தைக்கு எத்தன அர்த்தம்டா வெச்சிருக்க?"

"நான் வெக்கல அண்ணி!"

"அட்டைய மடிச்சு உள்ள வை" என்றார் அண்ணி. "கேளு. கீழ இருக்கற அம்புங்கள நான் மூணு வாரமா பாக்கறேன். சிலது வெள்ளையா பளிச்சுன்னு இருக்கும், சிலது மங்கலா இருக்கும். பளிச்சுன்னு இருக்கற லேன்ல போனப்ப ஒருநாளும் வழி தப்பினதில்ல. அந்த மேம்பாலத்துகிட்ட நடு அம்புதான் பளிச்சுன்னு இருந்தது. ஓரத்து அம்பு மங்கலா இருந்தது. சொல்ல வந்தேன். நீ படிச்சவன்னு விட்டுட்டேன்."

இப்போது நானும் பார்த்தேன். நாலு அம்புக்குறிகள். மூன்று சாம்பல் நிறத்தில் அணைந்து நேராக நின்றன. இடது ஓரத்தில் ஒன்று மட்டும் வெள்ளையாக, சாய்ந்து. எழுத்தே தேவையில்லை. மேம்பாலத்திடம் 'கீப் லெஃப்ட்' என்றது பாலத்துக்கு இடப்பக்கம் இரு என்றுதான், கடைசி ஓரத்துக்கு ஓடு என்றல்ல. அம்புகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் அம்பு பார்க்கவே இல்லை. எழுத்து தெரிந்தவனின் குருடு அது.

"ஓரம் மட்டுந்தான் வெள்ளை அண்ணி" என்றேன்.

"அப்ப ஓரம்."

ஆனால் ஓரத்தில் லாரிகள் அடுக்கி நின்றன. எங்கள் பக்கத்து லாரியின் சக்கரம் என் ஜன்னல் உயரம். நான் தலையை வெளியே நீட்டி, கையை ஆட்டினேன். லாரிக்காரர் கீழே பார்த்தார்.

"என்ன தம்பி?"

"குஞ்சுண்ணே! கோழிக்குஞ்சு! நின்னா செத்துடும்!"

அவர் எங்கள் வண்டியின் பக்கவாட்டுத் தகடுகளைப் பார்த்தார், காதைக் கொடுத்தார். பிறகு பிரேக் பிடித்து, முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விட்டு, கையால் 'வா' என்றார். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னார், நல்ல வார்த்தை இல்லை என்று தெரிந்தது. அண்ணி அந்த இடைவெளியில் வண்டியைச் செருகினார். தடுப்புக்கல் தொடங்க இன்னும் பத்தடிதான். வெள்ளை அம்பு காட்டிய பக்கம் சாய்ந்து இறங்கினோம்.

கீழே வெறிச்சோடிய பக்கச்சாலை. இருபக்கமும் மரங்கள். அண்ணி மூன்றாம் கியர், நான்காம் கியர். தகடுகள் வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு நுழைந்தது. நாங்கள் இருவரும் முதுகால் கேட்டுக்கொண்டிருந்தோம். கீச்சென்ற கூர்மை கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கியது. பத்து நிமிஷத்தில் சத்தம் மெதுவாக, சீராக, பழையபடி ஆனது. அண்ணி ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சு எங்கேயிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, கால் பெருவிரலிலிருந்து என்றால் நம்புவேன்.

"தண்ணி குடுடா" என்றார். பாட்டிலை நீட்டினேன். பாதிக்கு மேல் குடித்தார்.

"அண்ணி, மன்னிச்சிடுங்க."

"எதுக்கு? நீ சொல்லலன்னா எக்ஸிட்ல நான் இறங்கியிருக்கவே மாட்டேன். அந்த மட்டுக்கு ஒண்ணு சரியா சொன்ன."

"அது நான் முதல்ல தப்பா எழுதினதாலதான்..."

"சரி, அப்ப மன்னிக்கறேன். வாங்கிக்க."

*

பண்ணையில் மாற்றி மாற்றி நின்று இறக்கினோம். பண்ணைக்காரர் ஒல்லியான மனிதர், நெற்றியைச் சுருக்கியபடியே பிறந்தவர் போலிருந்தார். போன தடவை நூற்று நாற்பது செத்ததை அவர் மறந்திருக்க வாய்ப்பில்லை. கொட்டகைக்குள் விளக்குச் சூட்டின் கீழ் உமி பரப்பியிருந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கவிழ்க்காமல், கை நுழைத்து அள்ளி விட்டார்கள். செத்ததை மட்டும் ஒரு வாளியில் போட்டார் பண்ணைக்காரர். அண்ணி அந்த வாளியைப் பார்க்கவில்லை. கொட்டகைக் கதவுப் பக்கம் திரும்பி நின்று, முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் எண்ணினேன். இருபதாவது பெட்டி வரை ஆறு. இருபத்தேழாவது பெட்டியில் இரண்டு சேர்ந்து வந்தன. முப்பதாவது பெட்டியும் காலியானது.

"பதினொண்ணு" என்றார் பண்ணைக்காரர்.

"எத்தன?" அண்ணி திரும்பவில்லை.

"பதினொண்ணும்மா. மொத்தத்துல. இந்த வெயில்ல, இந்த நேரத்துக்கு. எப்படிக் கொண்டு வந்த?"

அண்ணி திரும்பினார். முகத்தில் சிரிப்பு வந்து, பாதியில் கோணி, மறுபடி சிரிப்பானது. "ஓட்டிக்கிட்டே வந்தேங்க. நிக்கல."

பண்ணைக்காரர் அங்கேயே நின்று மேனேஜருக்கு போன் போட்டார். எங்களுக்குக் கேட்கட்டும் என்றே ஒலிபெருக்கியில் போட்டார் என்று நினைக்கிறேன்.

"என்ன சார், எவ்வளவு?" மேனேஜரின் குரலில் ஏற்கெனவே வருத்தம் தயாராக இருந்தது.

"பதினொண்ணு சார்."

"பெட்டிக்கா?"

"முப்பது பெட்டிக்கும் சேர்த்து."

மறுமுனையில் ரசீதுப் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கேன் சார்."

"திங்கக்கிழமை ரெண்டு பண்ணை இருக்கு. விடியறதுக்கு முன்னாடியே வண்டி எடுக்கணும். சாவிய இனிமே வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடு, என்ன?"

"சரிங்க சார்."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங் மேல் இரண்டு கைகளையும் வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. அந்தத் தட்டு கழுவற தொட்டியில தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு இருக்கும் தெரியுமா? எத்தன வருஷம்! இனி கைய விட வேண்டாம்."

கொட்டகைக்குள் குஞ்சுகள் தண்ணீர்த் தட்டுகளைச் சுற்றி முட்டி மோதி, குடித்து, தலையைத் தூக்கி விழுங்கின. அவற்றின் சத்தம் இப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தோம். பிறகு அண்ணி சாவியைத் திருகினார்.